தலா இரண்டு லட்சம் போட்ட கூடை

2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை நாள். முந்தைய நாள்தான் கருத்துக்கணிப்புகளை நம்பி நிஃப்டி மூன்று சதவீதத்துக்கு மேல் எகிறியிருந்தது. அன்று காலை எண்ணிக்கை வேறு மாதிரி போகத் தொடங்கியதும் சந்தை சரிந்தது. மாலையில் நிஃப்டி 1,379 புள்ளிகளை இழந்து 21,884-இல் நின்றது. ஒரே நாளில் 5.9 சதவீத இறக்கம்.

எங்கள் தெருவில் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். பத்து லட்சம் ரூபாயை ஐந்து பங்குகளில் போட்டு வைத்திருந்தார். ஒரு உருக்குக் கம்பெனி, ஸ்டேட் பேங்க், ஒரு தனியார் வங்கி, ஒரு ஐ.டி. கம்பெனி, ஹிந்துஸ்தான் யூனிலீவர். தலா இரண்டு லட்சம். "எல்லாத்திலயும் சமமாப் போட்டிருக்கேன் தம்பி, எதுவும் எதையும் சாய்ச்சிடாது" என்று அதற்கு முந்தைய வாரம்தான் சொல்லியிருந்தார். அன்று ஸ்டேட் பேங்க் சுமார் 14 சதவீதம் விழுந்தது. அவருடைய இரண்டு லட்சத்தில் 28,000 ரூபாய் போயிற்று. யூனிலீவரோ அதே நாளில் சுமார் 6 சதவீதம் ஏறி, 12,000 ரூபாயைக் கொடுத்தது.

மாலை திண்ணையில் உட்கார்ந்து அவர் கேட்ட கேள்வி நியாயமானது. "ரெண்டுலயும் ஒரே தொகைதானே போட்டேன்? இது மட்டும் ஏன் என்னை இப்படி இழுக்குது?"

தொகை ஒன்றுதான். ஆனால் அந்தத் தொகைக்குள் இருக்கும் சந்தையின் அளவு ஒன்றல்ல. அதை அளக்கும் கோல்தான் பீட்டா. நிஃப்டி ஒரு சதவீதம் அசைந்தால் குறிப்பிட்ட ஒரு பங்கு சராசரியாக எத்தனை சதவீதம் அசைகிறது என்பதே பீட்டா. ஒன்றரை என்றால் நிஃப்டியின் ஒன்றுக்கு இது ஒன்றரை அசையும். அரை என்றால் அதில் பாதிதான். உருக்கு, சுரங்கம், பொதுத்துறை வங்கி போன்றவை பெரும்பாலும் ஒன்றுக்கு மேலே இருக்கும். சோப்பு, பற்பசை, மருந்து விற்பவை கீழே இருக்கும். சந்தை விழுந்தாலும் ஜனங்கள் குளிப்பதை நிறுத்துவதில்லை அல்லவா?

அண்ணனின் ஐந்து பங்குகளுக்கும் நாங்கள் கணக்குப் போட்டோம். புரிவதற்காக இங்கே எண்களை உருட்டித் தருகிறேன். இன்று நீங்கள் கணக்கிட்டால் வேறு வரும். உருக்கு 1.5, ஸ்டேட் பேங்க் 1.25, தனியார் வங்கி 1, ஐ.டி. 0.75, யூனிலீவர் 0.5.

ஒவ்வொரு பங்கிலும் போட்ட ரூபாயை அதன் பீட்டாவால் பெருக்கிப் பாருங்கள். உருக்கில் போட்ட இரண்டு லட்சம், சந்தையின் கண்ணுக்கு மூன்று லட்சமாகத் தெரிகிறது. யூனிலீவரில் போட்ட இரண்டு லட்சம் வெறும் ஒரு லட்சமாகத் தெரிகிறது. ஐந்தையும் கூட்டினால் பத்து லட்சம் வருகிறது, ஆகவே கூடையின் மொத்த பீட்டா ஒன்று. ஆனால் அந்தப் பத்தில் உருக்கும் ஸ்டேட் பேங்கும் சேர்ந்து ஐந்தரை லட்சத்தைத் தூக்கிக்கொண்டிருக்கின்றன. ஐந்து பேர் தூக்கும் பல்லக்கில் இரண்டு பேர் தோளில்தான் பாதிக்கு மேல் பாரம். அண்ணன் சமமாகப் பிரித்தது பணத்தை மட்டுமே. சந்தை ஆபத்தை அவர் பிரிக்கவே இல்லை.

ஆபத்தையும் சமமாகப் பிரிக்க வேண்டுமானால் பீட்டாவைத் தலைகீழாக்க வேண்டும். ஒன்றை ஒவ்வொரு பீட்டாவாலும் வகுத்தால் உருக்குக்கு 0.67, ஸ்டேட் பேங்குக்கு 0.8, தனியார் வங்கிக்கு 1, ஐ.டி.க்கு 1.33, யூனிலீவருக்கு 2 வரும். கூட்டினால் 5.8. இந்த விகிதத்தில் பத்து லட்சத்தைப் பங்கிட்டால் உருக்குக்கு ஏறக்குறைய 1,15,000, ஸ்டேட் பேங்குக்கு 1,38,000, தனியார் வங்கிக்கு 1,72,000, ஐ.டி.க்கு 2,30,000, யூனிலீவருக்கு 3,45,000 என்று விழும். இப்போது பீட்டாவால் பெருக்கினால் ஐந்தும் சந்தையின் கண்ணுக்குத் தலா 1,72,000. நிஃப்டி 5 சதவீதம் விழுந்தால், சந்தையின் காரணமாக மட்டும், ஒவ்வொன்றும் சுமார் 8,600 ரூபாய் இழக்கும்.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. ஐந்தையும் கூட்டினால் இப்போது 8,62,000தான் வருகிறது. அதாவது கூடையின் பீட்டா ஒன்றிலிருந்து 0.86-க்கு இறங்கிவிட்டது. ஆபத்தைச் சமமாகப் பிரித்தோம், அதோடு மொத்த ஆபத்தையும் நமக்குத் தெரியாமலேயே குறைத்துவிட்டோம். சந்தை விழும்போது இது இனிக்கும். ஏறும்போது 'நிஃப்டி பத்து சதவீதம் ஏறியிருக்கு, நமக்கு எட்டரைதானா' என்று மனம் அடித்துக்கொள்ளும். பழைய அளவே வேண்டும் என்றால் இதே விகிதத்தில் 11,60,000 ரூபாய் போட வேண்டும். கையில் இருந்தால் சரி. கடன் வாங்கிப் போட்டால் வட்டி கட்ட வேண்டும், தரகர் பணம் கேட்கும் நாளில் விற்கவும் வேண்டும். என்னைக் கேட்டால், குறைந்த பீட்டாவை அப்படியே ஏற்றுக்கொண்டு, 'என் கூடை நிஃப்டியைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும்' என்று முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொள்வது மேல்.

சரி, அந்த 1.25-உம் 0.5-உம் எங்கிருந்து வந்தன? கைப்பேசிச் செயலிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பீட்டா காட்டும். ஒன்று ஓராண்டின் தினசரி விலையை எடுக்கும், இன்னொன்று ஐந்தாண்டின் மாத விலையை எடுக்கும். ஒன்று நிஃப்டியோடு ஒப்பிடும், இன்னொன்று சென்செக்ஸோடு. அதனால் நாமே போட்டுவிடுவது நல்லது. அரைமணி நேர வேலைதான். இரண்டு ஆண்டுகளின் வார இறுதி விலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். விலையை அப்படியே வைக்காமல், முந்தைய வாரத்தைவிட எத்தனை சதவீதம் மாறியது என்று ஆக்குங்கள். மொத்தம் 104 வாரங்கள். B வரிசையில் பங்கு, C வரிசையில் நிஃப்டி. பிறகு எக்செலில் ஒரே வரி:

```
=SLOPE(B2:B105, C2:C105)
```

பங்கு முதலில், நிஃப்டி இரண்டாவது. மாற்றிப் போட்டாலும் எக்செல் ஒரு எண்ணைத் தரும், முகம் சுளிக்காது. 1.25 வர வேண்டிய இடத்தில் 0.4 என்பது போல ஏதோ வந்து நிற்கும். உருக்குக் கம்பெனியின் பீட்டா சோப்புக் கம்பெனியைவிடக் குறைவாக வந்தால் முதலில் இந்த வரிசையைச் சரிபாருங்கள்.

அண்ணன் முதல்முறை தானே முயன்றபோது வேறு விதமாக வழுக்கினார். யூனிலீவரோடு ஒப்பிட நெஸ்லே இந்தியாவையும் போட்டுப் பார்த்தார். 2024 ஜனவரியில் நெஸ்லே தன் பங்கைப் பத்தாகப் பிரித்தது. அதுவரை 27,000 ரூபாய்க்கு அருகில் இருந்த பங்கு 2,700-க்கு அருகில் வந்தது. வைத்திருந்தவருக்கு ஒன்றுக்குப் பத்துப் பங்கு கிடைத்ததால் நட்டம் எதுவும் இல்லை. ஆனால் அவர் எடுத்த விலைப்பட்டியல் அந்தப் பிரிப்பைச் சரிசெய்யாத பட்டியல். ஒரே வாரத்தில் 90 சதவீதம் விழுந்ததாகக் கணக்கில் நுழைந்துவிட்டது. அந்த ஒரு வரி, மற்ற 103 வாரங்களையும் ஓரம் தள்ளிவிட்டு, பொருளே இல்லாத ஒரு பீட்டாவைக் கொடுத்தது. பங்குப் பிரிப்பு, போனஸ் இவற்றுக்குச் சரிசெய்த விலையைத்தான் எடுக்க வேண்டும். சதவீத வரிசையை ஒருமுறை சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிப் பார்த்தால் இந்த மாதிரி வரி உடனே மேலே வந்து நிற்கும்.

இதைவிடச் சாமர்த்தியமாக ஏமாற்றுவது, அதிகம் கைமாறாத சின்னக் கம்பெனிப் பங்கு. நிஃப்டி விழுந்த நாளில் அதை வாங்கவோ விற்கவோ ஆளே இருக்க மாட்டார்கள். விலை அசையாமல் கிடக்கும். இரண்டு நாள் கழித்து, நிஃப்டி நிமிர்ந்த பிறகு, இது நிதானமாக விழும். இல்லையென்றால் 5 சதவீத லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொள்ளும். விழ வேண்டியது பதினைந்து, கணக்கில் தெரிவது ஐந்துதான். இரண்டிலும் அசைவு நிஃப்டியோடு ஒரே நாளில் சேராததால் பீட்டா குறைவாக வரும். உள்ளே 1.4 இருக்கிற பங்கு வெளியே 0.6 என்று சாதுவாகக் காட்டிக்கொள்ளும்.

நம் முறைக்கு இது ரொம்பவும் ஆபத்தான தவறு. பீட்டா குறைவு என்றால் அதிகப் பணம் என்பதுதானே நம் விதி? அப்படியென்றால் எந்தப் பங்கின் பீட்டா பொய்யாகக் குறைந்திருக்கிறதோ, அதைத் தேடிப்பிடித்து அதிலேயே பெரிய தொகையைக் கொட்டுவோம். கண்டுபிடிக்க எளிய வழி, தினசரி விலையிலும் வார விலையிலும் தனித்தனியாக பீட்டா போட்டுப் பார்ப்பது. நன்றாகக் கைமாறும் பங்கில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வார பீட்டா, தினசரி பீட்டாவைவிடக் கணிசமாகப் பெரியதாக இருந்தால், விலை தாமதமாக நகர்கிறது என்று பொருள். அத்தகைய பங்கை இந்தக் கூடைக்குள் சேர்க்காமல் இருப்பதே உத்தமம்.

கணக்கெல்லாம் ஒழுங்காகப் போட்ட பிறகும் பீட்டா ஒரு மதிப்பீடுதான். 104 வாரங்களை வைத்துக்கொண்டு போட்ட 1.25 என்பது, சாதாரணப் பெரிய கம்பெனிப் பங்குக்கே, 0.3 மேலேயோ கீழேயோ இருக்கலாம். அதாவது 0.95-உம் சாத்தியம், 1.55-உம் சாத்தியம். இரண்டாவது தசமத்தைப் பார்த்து ரூபாயைச் சில்லறை வரை பிரிப்பது, கைத்தராசில் தங்கம் நிறுப்பது போலத்தான்.

இதற்கு அமெரிக்கப் பொருளியல் அறிஞர் மார்ஷல் ப்ளூம் 1970-களில் ஒரு வழி காட்டினார். ஒரு காலகட்டத்தில் மிக உயரமாக இருக்கும் பீட்டாக்கள் அடுத்த காலகட்டத்தில் சற்று இறங்குகின்றன, மிகத் தாழ்ந்தவை சற்று ஏறுகின்றன, இரண்டும் ஒன்றை நோக்கி வருகின்றன என்பதை அவர் கவனித்தார். ஆகவே நாம் கணக்கிட்ட எண்ணில் மூன்றில் இரண்டு பங்கையும், ஒன்று என்ற எண்ணில் மூன்றில் ஒரு பங்கையும் சேர்த்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பல தரவு நிறுவனங்கள் 'திருத்திய பீட்டா' என்று தருவது இதைத்தான். அண்ணனின் பட்டியலில் இதைச் செய்தால் உருக்கு 1.5-லிருந்து 1.33-க்கு இறங்கும், யூனிலீவர் 0.5-லிருந்து 0.67-க்கு ஏறும். பங்கீடும் நிதானமாகிறது: உருக்குக்கு 1,41,000, ஸ்டேட் பேங்குக்கு 1,62,000, தனியார் வங்கிக்கு 1,88,000, ஐ.டி.க்கு 2,26,000, யூனிலீவருக்கு 2,83,000. கூடையின் பீட்டா 0.94. யூனிலீவர் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுங்கிய முந்தைய பங்கீட்டைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது.

இன்னொரு தொந்தரவு, பெரிய சரிவு நடந்த வாரங்கள். 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் ஏறக்குறைய 13 சதவீதம் விழுந்தது. அந்த மாதம் கணக்குக்குள் இருக்கும்வரை, சாய்வைத் தீர்மானிப்பதில் அந்த நாலைந்து வாரங்களுக்கே பெரிய குரல். இரண்டு ஆண்டு கழித்து அவை கணக்கை விட்டு வெளியேறியதும், கம்பெனியில் எதுவும் மாறாமலே பீட்டா குதிக்கும். நான் செய்வது, நிஃப்டி மிக அதிகமாக அசைந்த இரண்டு வாரங்களை நீக்கிவிட்டு ஒருமுறை கணக்கிடுவது. எண் அதிகம் நகராவிட்டால் நம்பலாம். 1.5 என்பது 1.1 ஆகிவிட்டால், அந்த 1.5 இரண்டே வாரங்களின் கதை.

இப்போது ஜூன் 4-க்குத் திரும்புவோம். புதிய பங்கீடு அன்றே இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று அண்ணன் போட்டுப் பார்த்தார். முதல் பங்கீட்டின்படி ஸ்டேட் பேங்கில் 1,38,000. 14 சதவீதம் போனால் சுமார் 19,300 நட்டம். யூனிலீவரில் 3,45,000, 6 சதவீதம் ஏறினால் 20,700 லாபம். "பாத்தியா தம்பி, ஒண்ணை ஒண்ணு அடிச்சிடுச்சு!" என்றார், முகமெல்லாம் சிரிப்பு.

அந்தச் சிரிப்பை நான்தான் கெடுக்க வேண்டியிருந்தது. 1.25 பீட்டாவின்படி அன்று ஸ்டேட் பேங்க் 7 சதவீதத்துக்குச் சற்று மேலே விழுந்திருக்க வேண்டும். விழுந்தது 14. யூனிலீவர் 3 சதவீதம் விழுந்திருக்க வேண்டும், அதுவோ 6 ஏறியது. ஸ்டேட் பேங்கில் பாதி இறக்கமும், யூனிலீவரில் முழு ஏற்றமும் பீட்டாவுக்குச் சம்பந்தமில்லாதவை. புதிய ஆட்சியில் பொதுத்துறைக் கம்பெனிகளுக்கு முன்போல் உந்துதல் இருக்குமா என்ற சந்தேகம் ஒருபுறம். கிராமத்துக்குப் பணம் போகும், சோப்பும் டீத்தூளும் விற்கும் என்ற நினைப்பு மறுபுறம். அன்று அந்தப் பங்கீடு காப்பாற்றியிருந்தால் அதற்குக் காரணம் யூனிலீவரில் தற்செயலாக அதிகப் பணம் இருந்ததுதான். அதே மூன்றேகால் லட்சத்துக்கு மேற்பட்ட தொகை, சோப்பு விற்பனை மந்தமான ஒரு காலாண்டு முடிவு வரும் நாளில் அவரைத் தனியாக அடித்திருக்கும், நிஃப்டி சும்மா இருந்தாலும்.

பீட்டா சமன்செய்வது சந்தை என்னும் பொதுக்காற்றை மட்டும். கம்பெனிக்கே உரிய புயல் அப்படியே இருக்கிறது. குறைந்த பீட்டா என்றால் அசையாத பங்கு என்று அர்த்தமில்லை. நிஃப்டியோடு சேர்ந்து அசையாத பங்கு என்றுதான் அர்த்தம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒரு கடிதத்துக்கு ஒரே நாளில் பெரிதாக விழக்கூடிய மருந்துக் கம்பெனிக்கும் பீட்டா 0.5 இருக்கலாம். அதனால்தான் தலைகீழ் பீட்டாவை மட்டும் நம்பாமல், எந்தப் பங்கும் மொத்தத் தொகையில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்று ஒரு கூரை போட்டுக்கொள்ள வேண்டும்.

பிறகு எதற்கு இவ்வளவு பாடு? அண்ணனுக்குப் பயன்பட்டது இங்கேதான். பழைய கூடையில், சந்தை ஏறிய மாதமெல்லாம் உருக்கு முன்னே ஓடும். 'நல்ல பங்கைத்தான் பிடித்திருக்கிறேன்' என்று தோன்றும். உண்மையில் அவர் பிடித்தது சந்தையை, அதுவும் ஒன்றரை மடங்கு. ஐந்தும் ஒரே அளவு சந்தையைச் சுமக்கும்போது, மாதக் கடைசியில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே தெரியும் வித்தியாசத்தில் பெரும்பகுதி அந்தக் கம்பெனியால் வந்தது. அவருடைய தேர்வு சரியா, தவறா என்று அப்போதுதான் பேச முடிகிறது. மாதாமாதம் இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி. போடுகிறவருக்கு இந்தத் தலைவலி தேவையில்லை.

செயலில் இறங்கியபோது சில்லறைச் சிக்கல்கள் வந்தன. பங்கை முழு எண்ணிக்கையில்தான் வாங்க முடியும். நம்ம ஊர் எம்.ஆர்.எஃப். போல ஒரு பங்கே லட்சத்தைத் தாண்டும் கம்பெனி இந்தக் கூடையில் இருந்திருந்தால், 1,41,000 என்ற அளவுக்கு எந்த அர்த்தமும் இருந்திருக்காது. அடுத்தது வரி. ஓராண்டுக்குள் விற்ற லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 20 சதவீதம். பீட்டா 0.1 நகர்ந்ததற்கெல்லாம் விற்று வாங்கினால் ஆபத்தைச் சமன்செய்த லாபம் வரியிலும் தரகிலும் போய்விடும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் கணக்குப் பார்ப்பது, ஒரு பங்கின் சந்தைப் பாரம் மற்றவற்றின் சராசரியைவிடக் கால் பங்குக்கு மேல் விலகினால் மட்டும் கை வைப்பது என்று முடிவு செய்தோம். அதுவும் முடிந்தவரை விற்காமல், புதிதாகப் போடும் பணத்தைக் குறைந்திருக்கும் பங்குக்குத் திருப்பி.

திருத்திய பீட்டாவின்படியே அண்ணன் கூடையை மாற்றிக்கொண்டார். யூனிலீவருக்கு மட்டும் 2,83,000-க்குப் பதில், கூரைப்படி இரண்டரை லட்சத்தில் நிறுத்தினார். மிச்சமான 33,000 ரூபாயை எதில் போடுவது என்று இரண்டு வாரம் யோசித்தார். இப்போது அது அவருடைய பழைய கூட்டுறவு வங்கியில், சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. எக்செல் தாளில் அதற்கும் ஒரு வரி சேர்த்து, பீட்டா கட்டத்தில் பூஜ்யம் என்று போட்டு வைத்திருக்கிறார்.